கலிபோர்னியாவில் தவறாக டோ செய்யப்பட்ட காரை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவில் நம்மவர்களின் கார்கள் பெரும்பாலும் இழுத்துச் செல்லப்படுவது பொதுச் சாலையிலிருந்து அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் விருந்தினர் நிறுத்துமிடத்திலிருந்தும் கடைவளாகத்திலிருந்தும்தான். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அத்தகைய தனியார் இடங்களைப் பற்றியது. இவற்றுக்கான சட்டம் மாநில வாகனச் சட்டத்தின் 22658-ஆம் பிரிவு. நான் ஒரு குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவில் இருப்பவன். அதனால் இந்தப் பிரிவை டோவுக்கு உத்தரவிடும் பக்கத்திலிருந்தும் படிக்க நேர்ந்திருக்கிறது. போலீஸ் எடுத்த கார்களுக்கு வழி வேறு. அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் காரைக் காணவில்லை. திருடு போயிற்றா, டோ செய்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

911-ஐ அழைக்காதீர்கள். அந்த ஊர்ப் போலீஸின் அவசரமல்லாத அழைப்பு எண்ணில் நம்பர் பிளேட்டைச் சொல்லிக் கேளுங்கள். தனியார் இடத்திலிருந்து ஒரு காரை எடுத்த டோ நிறுவனம் உடனே போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எனவே எந்த நிறுவனம் எடுத்தது, எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அழைப்பில் இன்னொன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: டோ நிறுவனம் தகவல் சொன்னது எத்தனை மணிக்கு? கார் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து 30 நிமிடங்களுக்குள் தகவல் சொல்லவில்லை என்றால், இழுவை மற்றும் கிடங்குக் கட்டணத்தைப்போல் மூன்று மடங்கை உரிமையாளர் கோர முடியும். இந்த நேரக் குறிப்பு பின்னால் உங்களுக்கு வலுவான சாட்சியாகலாம்.

கிளம்புவதற்கு முன் அந்த இடத்தைப் படம் எடுங்கள். ஒவ்வொரு நுழைவாயிலையும், அங்கே அறிவிப்புப் பலகை இருக்கிறதா இல்லையா என்பதையும், நீங்கள் நிறுத்திய கட்டத்தின் தரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எடுத்துவையுங்கள். இருட்டில் பலகை தெரியவில்லை என்றால் தெரியாத அந்தக் காட்சியையும் எடுங்கள். மறுவாரம் போய்ப் பார்க்கும்போது புதுப் பலகை முளைத்திருக்கும்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது காரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். முழுப் பணம் கொடுத்தால்தான் இறக்குவேன் என்றார் ஓட்டுநர். கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கார் அந்த வளாகத்தைவிட்டு வெளியேறிச் சாலையில் போகத் தொடங்கும்வரை கட்டணம் வரும்வரை அதைப் பிடித்துவைக்கும் உரிமை டோ நிறுவனத்துக்குப் பிறப்பதில்லை. உரிமையாளர் வந்து கேட்டால் உடனே, நிபந்தனை இல்லாமல் விட வேண்டும், மறுப்பது குற்றம். கொக்கியில் மாட்டிய பிறகு நீங்கள் வந்திருந்தால் வழக்கமான இழுவைக் கட்டணத்தில் பாதிவரை பின்னர் கேட்கலாம். மாட்டுவதற்கு முன்பே வந்திருந்தால் அதுவும் இல்லை.

ஓட்டுநர் பிடிவாதம் பிடித்தால் அவரோடு மல்லுக்கு நிற்காமல் போலீஸின் அவசரமல்லாத எண்ணை அழையுங்கள். கைப்பேசியில் காட்சியைப் பதிவு செய்யுங்கள். காரின் முன்னால் போய் நிற்பது, கதவைத் திறந்து உள்ளே உட்காருவது போன்ற வீரமெல்லாம் வேண்டாம்.

கார் என்னுடையது என்று நிரூபிக்க என்ன கொண்டுபோக வேண்டும்?

படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டையும், உங்கள் பெயரில் உள்ள நடப்புப் பதிவு அட்டையும் இருந்தால் பெரும்பாலும் போதும். சிக்கல் என்னவென்றால், பதிவு அட்டையைப் பலரும் காரின் முன்னறைப் பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். கார் கிடங்கில் இருக்கும். வழக்கமான வேலை நேரத்தில் காரிலிருந்து உங்கள் சொந்தப் பொருட்களைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளும் உரிமை 22651.07-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன்படி ஆவணத்தை எடுக்க அனுமதி கேளுங்கள். இனிமேலாவது பதிவு அட்டையின் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருங்கள். நம்பர் பிளேட்டையும் 17 இடங்கள் கொண்ட வி.ஐ.என். எண்ணையும் அதிலிருந்து சொன்னால் பேச்சு விரைவாக முடியும்.

கடனில் வாங்கிய கார் என்றால் உரிமைப் பத்திரம் வங்கியிடம் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். வங்கி சட்டப்படியான உரிமையாளர், நீங்கள் பதிவு பெற்ற உரிமையாளர். காரை மீட்க வருபவர் பதிவு பெற்ற உரிமையாளராக இருந்தால் போதும்.

பதிவு மனைவி பெயரிலோ கணவர் பெயரிலோ மட்டும் இருந்தால் அவரே வருவது நல்லது. வர முடியாதவர், ஊருக்குப் போயிருப்பவர், கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் தன் அடையாள அட்டையின் நகலும் அனுப்ப வேண்டும். பல கிடங்குகள் நோட்டரி முத்திரை கேட்கும். இணையவழி நோட்டரியை ஏற்பார்களா என்பதைப் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பழைய கார் வாங்கி இன்னும் பெயர் மாற்றாதவர்கள், விற்றவர் கையெழுத்திட்ட உரிமைப் பத்திரத்தையும் விற்பனைச் சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். வாடகைக் கார் என்றால் முதலில் வாடகை நிறுவனத்தை அழையுங்கள்.

சாவி கையில் இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது. காரை ஓட்டி வெளியேறுபவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பணத்தைக் கட்டாமல் போராடலாமா? தவறு அவர்களுடையதுதானே?

கட்டி எடுத்துவிடுங்கள். காரை விட்டுவைத்தால் கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். சில நாட்களில் லீன் நடவடிக்கையையும், அதாவது பாக்கிக்காகக் காரை ஏலத்தில் விற்கும் நடவடிக்கையையும், தொடங்குவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் சேரும். முதல் 72 மணி நேரத்துக்குள் மீட்டால் அந்த லீன் கட்டணத்தை வாங்கக் கூடாது. பணம் கட்டியதால் வழக்குப் போடும் உரிமை போவதில்லை. எவ்வளவு இழப்பு என்று காட்டப் பணம் கட்டிய ரசீதுதான் ஆதாரம்.

ரசீதில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘பெய்ட் அண்டர் புரொடெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதாவது எதிர்ப்பைப் பதிவு செய்தே கட்டுகிறீர்கள் என்று பொருள். கிரெடிட் கார்டை ஏற்க வேண்டியது அவர்கள் கடமை. ரொக்கம் மட்டும்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், இழுவை, கிடங்குக் கட்டணத்தில் நான்கு மடங்குக்கு அவர்கள் பொறுப்பாகிறார்கள். பணம் கட்டிய கையோடு வங்கியிடம் சொல்லி அந்தத் தொகையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். சேவை நடந்ததா என்பதை மட்டும் பார்க்கும் வங்கி, டோ சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லாது.

பணம் கட்டும் முன் அவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எழுத்துமூல அனுமதிச் சீட்டின் நகலைக் கேளுங்கள்.

தனியார் இடத்திலிருந்து காரை எடுக்க வேண்டுமானால், இட உரிமையாளரோ குத்தகைதாரரோ அவர்களுடைய பணியாளரோ பிரதிநிதியோ, கார் எடுக்கப்படும் நேரத்தில் அங்கே இருந்து, விதிமீறலைக் கண்ணால் சரிபார்த்து, கையெழுத்திட்டு அனுமதி தர வேண்டும். இந்தச் சீட்டில் காரின் தயாரிப்பு, மாடல், வி.ஐ.என்., பிளேட் எண் இருக்க வேண்டும். கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி எண் இருக்க வேண்டும். ஏன் எடுக்கிறார்கள், காரை முதலில் பார்த்தது எப்போது, அனுமதி கொடுத்தது எப்போது என்பதும் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கும் முன்பே இந்த நகலை உங்களுக்குத் தர வேண்டியது டோ நிறுவனத்தின் கடமை. குடியிருப்பு வளாகமானால் புகார் சொன்ன குடித்தனக்காரரின் விவரத்தை மட்டும் அழித்துத் தருவார்கள்.

வழக்கில் தோற்கும் டோக்களில் பெரும்பாலானவை இந்தச் சீட்டில்தான் தோற்கின்றன. காரணம் எளிது. இரவு 11 மணிக்கு நிர்வாகி படுக்கையில் இருப்பார். டோ வண்டி தானாகவே வளாகத்தைச் சுற்றிவந்து அகப்பட்டதை எடுத்துப்போகும். மறுநாள் காலையில் சீட்டு நிரப்பப்படும், அல்லது முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்த வெற்றுச் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்று கிழிக்கப்படும். முதலில் பார்த்த நேரம் காலியாக இருப்பது, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அச்சிட்ட பெயர் மட்டும் இருப்பது, எல்லாமே ஒரே பேனாவில் ஒரே கையால் எழுதப்பட்டிருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மூன்று இடங்களுக்கு மட்டும் முன்கூட்டியே தந்த பொது அனுமதி செல்லும்: தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்திய கார், தீயணைப்பு வழித்தடத்தில் நிறுத்திய கார், வாசலை மறிக்கும் கார். அப்போதும் விதிமீறல் தெளிவாகத் தெரியும் புகைப்படம் எடுத்து உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும். 15 வீடுகள் அல்லது அதற்கும் குறைவாக உள்ள, உரிமையாளரோ நிர்வாகியோ குடியிருக்காத வாடகைக் கட்டடங்களுக்குச் சிறிய விலக்கு ஒன்று உண்டு. அங்கே குடித்தனக்காரரின் எழுத்துமூல வேண்டுகோள் பயன்படும்.

எந்தெந்தக் காரணத்துக்காக டோ தவறு என்று சொல்லலாம்?

அனுமதிச் சீட்டுக்கு அடுத்தபடி அறிவிப்புப் பலகை. ஒவ்வொரு நுழைவாயிலிலும் கண்ணில் படும்படி, குறைந்தது 17 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவில், எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பொது நிறுத்தம் கூடாது, மீறினால் உரிமையாளர் செலவில் அகற்றப்படும் என்பதோடு உள்ளூர்ப் போக்குவரத்துப் போலீஸின் எண்ணும் அதில் வேண்டும். பொது அனுமதி ஒப்பந்தம் பெற்ற டோ நிறுவனத்தின் பெயரும் எண்ணும் வேண்டும். பலகைக்குப் பதிலாகக் காரில் நோட்டீஸ் ஒட்டி 96 மணி நேரம் காத்திருக்கும் வழியும் சட்டத்தில் உண்டு. இரண்டும் இல்லாமல் எடுத்திருந்தால், இட உரிமையாளரே இழுவை, கிடங்குக் கட்டணத்தில் இரு மடங்குக்குப் பொறுப்பு.

கடைவளாகங்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. பொதுமக்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்திருக்கும் நிறுத்துமிடத்தில் ஒரு கார் நின்று ஒரு மணி நேரம் ஆகும் முன் அதை எடுக்கக் கூடாது (22953-ஆம் பிரிவு). தீயணைப்பு வழி, மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் போன்றவை இதில் சேராது. குடியிருப்பு வளாகங்களும் சேராது. எனவே நீங்கள் நிறுத்திய நேரத்தைக் காட்டும் கடை ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

‘எனக்குத் தெரியாது’, ‘ஐந்து நிமிடம்தான் ஆயிற்று’ ஆகிய இரண்டும் குடியிருப்பு வளாகத்தில் செல்லாது. பலகையும் சீட்டும் சரியாக இருந்தால் டோ சரியானதுதான். அந்த நிலையில் கட்டணத்தை மட்டும் சரிபாருங்கள்.

பில் தலைசுற்றுகிறது. எது நியாயம், எது கூடுதல்?

வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்பது உங்கள் உரிமை. அதை எப்படிப் படிப்பது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம்.

நவராத்திரிக்குக் கொலு பார்க்க ஒரு குடும்பம் வியாழன் இரவு 8 மணிக்கு ஒரு குடியிருப்பில் காரை நிறுத்துகிறது. 9.30-க்குக் கார் கிடங்குக்குப் போய்விடுகிறது. நள்ளிரவு தாண்டி 12.40-க்கு மீட்கிறார்கள். பில்லில் இழுவை 250 டாலர், கிடங்கு இரண்டு நாளுக்கு 150, இரவு வாசல் திறப்புக் கட்டணம் 125, நிர்வாகக் கட்டணம் 60. மொத்தம் 585 டாலர்.

இழுவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த ஊர்ப் போலீஸுக்காக வேலை செய்யும் டோ வண்டிகளின் விகிதம், கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறை ஒப்புக்கொண்ட விகிதம் ஆகியவற்றில் எது அதிகமோ அதுவே எல்லை. அதை நகராட்சியின் கட்டணப் பட்டியலிலோ காவல்துறையிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த ஊரில் அது மணிக்கு 250 என்றால் முதல் வரி சரி.

கிடங்கு வரி தவறு. உள்ளே வந்து 24 மணி நேரத்துக்குள் மீட்கப்பட்ட காருக்கு, தேதி மாறினாலும், ஒரு நாள் வாடகைதான். நள்ளிரவைக் காட்டி 75 டாலர் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் அதிகமாகச் செய்வார்கள். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

வாசல் திறப்புக் கட்டணம் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரையிலான நேரத்துக்கு வெளியேயும், வார இறுதியிலும், மாநில விடுமுறை நாட்களிலும் மட்டும் வாங்கலாம். இழுவையின் மணிக் கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 125 சரியான பாதி. நிர்வாகக் கட்டணம் என்ற 60 எதற்கு என்று கேட்க வேண்டும். போலீஸ் எடுத்த காருக்கு நகராட்சி அப்படி ஒன்றை வசூலிப்பது உண்டு, தனியார் டோவில் அதற்கு இடமில்லை.

இவர்கள் கையில் கிடைத்த அனுமதிச் சீட்டில் கையெழுத்தும் இல்லை, முதலில் பார்த்த நேரமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேள்வி 75 டாலரோடு நிற்காது. முறையான அனுமதி இல்லாத டோவுக்கு இழுவை, கிடங்குக் கட்டணத்தில் நான்கு மடங்கு பொறுப்பு. 250-உம் 150-உம் சேர்ந்து 400. நான்கு மடங்கு 1,600. வாசல் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் திரும்ப வேண்டும் என்று 185 சேர்த்தால் கோரிக்கை 1,785 டாலர்.

காரில் கீறல் விழுந்திருக்கிறது. வெளியே கொண்டுவந்த பிறகு புகார் செய்யலாமா?

கிடங்கைவிட்டு நகரும் முன்பே செய்யுங்கள். காரைச் சுற்றிவந்து நான்கு பக்கமும், அடிப்பகுதியும், சக்கர விளிம்புகளும் படம் எடுத்து, சேதத்தை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எல்லாச் சக்கரங்களிலும் விசை செல்லும் கார்களையும், மின்சார கார்களையும் இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துச் சென்றால் உள்ளே பழுதாகலாம். அந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் எந்த முறையில் இழுத்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்குப் போட வக்கீல் வேண்டுமா? எப்படித் தொடங்குவது?

வேண்டாம். சிறுதொகை நீதிமன்றத்தில் விசாரணையின்போது வக்கீல் உங்களுக்காக வாதாட முடியாது; எதிர்த்தரப்புக்கும் அப்படியே. தனிநபர் அங்கே 12,500 டாலர் வரை கோரலாம்.

முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். டோ நிறுவனத்துக்கும் இட உரிமையாளருக்கும் தனித்தனியாக, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள். என்ன நடந்தது, 22658-இன் எந்த நிபந்தனை மீறப்பட்டது, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று ஒரே பக்கத்தில் முடியட்டும். கோபத்தை இரண்டாவது வரைவில் வெட்டிவிடுங்கள். சங்க நிர்வாகத்தின் பக்கமிருந்து சொல்கிறேன்: இரு மடங்குப் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று சொத்து நிர்வாகிக்குத் தெரிந்த மறுகணமே அவர் டோ நிறுவனத்தை அழைத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிக்கச் சொல்வார். பல விவகாரங்கள் கடிதத்தோடு தீர்வது இதனால்தான்.

தீரவில்லை என்றால் SC-100 என்ற படிவத்தை நிரப்பி, சம்பவம் நடந்த மாவட்டத்தின் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். 1,500 டாலர் வரையிலான கோரிக்கைக்கு 30 டாலர், 5,000 வரை 50, அதற்கு மேல் 75 என்பது தாக்கல் கட்டணம். மேலே சொன்ன குடும்பத்துக்கு 50 டாலர் ஆகும். எதிர்த்தரப்பின் சரியான சட்டப் பெயரைக் கண்டுபிடித்து எழுதுங்கள். வண்டியில் எழுதியிருக்கும் வணிகப் பெயரும் பதிவான நிறுவனப் பெயரும் பல சமயம் வேறாக இருக்கும். பெயர் தவறினால் வென்றாலும் வசூலிக்க முடியாது. அழைப்பாணையை நீங்களே கொடுக்கக் கூடாது. வழக்கில் சம்பந்தமில்லாத, வயது வந்த ஒருவர் கொடுக்க வேண்டும். அதே மாவட்டம் என்றால் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாகவும், வேறு மாவட்டம் என்றால் 20 நாள் முன்னதாகவும் கொடுத்திருக்க வேண்டும்.

நீதிபதி உங்களுக்குச் சில நிமிடங்களே தருவார். அனுமதிச் சீட்டு, பில், நுழைவாயில் படங்கள், போலீஸ் சொன்ன நேரக் குறிப்பு, 22658-இன் அச்சுப்பிரதி என்ற வரிசையில் மூன்று பிரதிகள் எடுத்துப்போங்கள். சீட்டில் காலியாக உள்ள கட்டத்தில் விரலை வைத்துப் பேசத் தொடங்குவது போதும். இரு மடங்கும் நான்கு மடங்கும் சேர்த்து ஆறு மடங்கு கேட்கும் ஆசையை விடுங்கள். ஒரே இழப்புக்கு இரு முறை அபராதம் கேட்பதாகத் தெரிந்தால் நீதிபதிக்கு உங்கள்மேல் நம்பிக்கை குறையும். வழக்குத் தொடுத்தவர் தோற்றால் மேல்முறையீடு இல்லை என்பதையும் முன்னரே தெரிந்துகொள்ளுங்கள். அபராத மடங்குக் கோரிக்கைகளுக்குக் கால வரம்பு குறுகியது. ஓர் ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

என் காரைச் சாலையிலிருந்து போலீஸ்தான் எடுத்தது. அதற்கும் இதே முறையா?

இல்லை. இங்கே கிடங்குக்குப் போவதற்கு முன் காவல் நிலையத்தில் விடுவிப்புச் சீட்டு வாங்க வேண்டும். உரிமமும் நடப்புப் பதிவும் கட்டாயம். எதிர்ப்பைச் சொல்ல 22852-ஆம் பிரிவின்படி ஒரு விசாரணை கேட்கலாம். உங்களுக்கு வரும் அறிவிப்பின் தேதியிலிருந்து 10 நாட்களுக்குள் நேரிலோ கடிதத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் போதும். வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் விசாரணை நடக்க வேண்டும். காரை எடுக்கச் சொன்ன அதிகாரியே விசாரிக்கக் கூடாது. எடுத்ததற்குத் தக்க காரணம் இல்லை என்று முடிவானால் இழுவை, கிடங்குச் செலவை அந்த அரசு அமைப்பே ஏற்க வேண்டும். விசாரணைக்காகக் காரைக் கிடங்கில் காத்திருக்க வைக்க வேண்டாம், முன்பே மீட்டுவிடலாம்.

பழைய பார்க்கிங் அபராதங்கள் சேர்ந்துவிட்டன என்று எடுத்திருந்தால் ஒரு தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். சட்டப்படி, பாதுகாப்பாக நிறுத்தப்பட்டிருந்த கார்களை, கட்டாத அபராதங்களுக்காக மட்டும் வாரன்ட் இல்லாமல் இழுத்துச் செல்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2023-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு எதிராகச் சொல்லியிருக்கிறது. பதிவு காலாவதி என்ற காரணத்துக்கு, காலாவதியாகி ஆறு மாதம் தாண்டியிருக்க வேண்டும்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பிரிவு எண்களும் மடங்குகளும் பொருந்தாது. அங்கே வழி நேரடியாக ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போகிறது: கார் எடுக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள், சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக, டோ விசாரணை கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். படம், ரசீது, சீட்டு ஆகியவற்றைச் சேகரிக்கும் வேலை அங்கேயும் இதேதான்.